எதிர்மனுதாரருடன் ஒரே ரயிலில்

எங்கள் குடும்பத்துக்கு ஓர் எதிர்மனுதாரர் இருந்தார். வாரச் சந்தையில் எங்களுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்ததும், எனக்குப் பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்ததும், வாய்தா நாட்களில் எங்களைச் சென்னைக்கு அழைத்துப் போனதும் அவர்தான். என் அம்மாவின் அண்ணன். எனக்கு மாமா.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா கொத்தனார், மாமா மேஸ்திரி. திருத்தணியில் மலையடிவாரத்துக்குப் பக்கத்தில், பக்தர்கள் தங்குவதற்கு மூன்று மாடியில் ஒரு விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டட வேலையை அரக்கோணத்து ஒப்பந்தக்காரர் ஒருவர் எடுத்திருந்தார். அவர் ஆட்கூலி வேலையை மட்டும் மாமாவிடம் விட்டார். மாமா தன் தங்கை கணவரையே முதல் ஆளாகச் சேர்த்துக்கொண்டார். ஊரில் இப்படித்தான் நடக்கும். சொந்தக்காரனை வேலைக்கு வைத்தால் சிமெண்டு மூட்டை காணாமல் போகாது என்பது மாமாவின் கணக்கு.

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு இரண்டாம் மாடித் தளத்துக்குக் காங்கிரீட் போட்டார்கள். போட்ட தளத்தை ஒரு வாரமாவது காயவிடக் கூடாது. மேலே சிறு சிறு பாத்தி கட்டி, அதில் தண்ணீர் நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கிருத்திகையன்று ஊரே காவடியும் அரோகராவுமாக இருந்தது. வேலை கிடையாது. சாயங்காலம் சரவணப் பொய்கையில் தெப்பம். நைனா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, "தண்ணி கட்டிட்டு வந்துடறேன், நீ ரெடியா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு ரெடியாக இருந்தேன்.

கைப்பிடிச் சுவர் எழுப்பாத தளம். ஓரம் ஈரமாக இருந்திருக்கிறது. அவர் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவும் இல்லை. இருட்டும் நேரத்தில், எதிர்த்த டீக்கடைக்காரர் மணல் எடுக்கப் போனபோதுதான் பார்த்தார். இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தெப்பம் சுற்றி முடித்து, கூட்டம் எங்கள் தெரு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது, நைனா வரவில்லை.

பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் ஒப்பந்தக்காரர் வீட்டுக்கு வந்தார். ஒரு மஞ்சள் பையை அம்மாவின் முன்னால் வைத்தார். கூடவே ஒரு முத்திரைத்தாள். இதைப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் கேட்கமாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து, "போடும்மா, பெரிய மனுசன் வீடு தேடி வந்துகிறாரு" என்றார். அம்மா போட்டாள்.

அந்தக் கையெழுத்து செல்லாது என்பதை எங்களுக்குச் சொன்னவர் திருவள்ளூரிலிருந்து வந்த ஒரு வக்கீலம்மா. கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் அவரை அழைத்து வந்திருந்தார்கள். அவர் முத்திரைத்தாளை ஒருமுறை படித்துவிட்டு, பழைய பேப்பர் மாதிரி ஓரமாக வைத்தார்.

"வேலையில செத்தா, பணத்தைக் கையில குடுக்கவே கூடாதும்மா. லேபர் கமிஷனர் ஆபீஸ்ல கட்டணும். அவரு பாத்து யாருக்கு எவ்ளோன்னு பிரிச்சுத் தருவாரு. உரிமையை விட்டுட்டேன்னு நீங்க நூறு கையெழுத்துப் போட்டாலும் சட்டத்துல அதுக்கு மதிப்பில்ல."

"அப்ப அந்தப் பையிலிருந்த பணம்?" என்றாள் அம்மா.

"மூணு மாசச் சம்பளம் வரைக்கும் முன்பணம்னு கழிச்சுக்குவாங்க. அவ்ளோதான்."

பிறகு அவர் கணக்கைச் சொன்னார். இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதி. அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதை வயதுக்கென்று சட்டத்தில் போட்டிருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். வயது குறையக் குறைய எண் கூடும். நைனாவுக்கு முப்பத்துநான்கு. அந்த வயதை நிரூபிக்க, பொதட்டூர்பேட்டையில் அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்குப் போய் அம்மா சான்றிதழ் வாங்கி வந்தாள். இளம் வயதில் இறந்தவருக்குக் கூடுதல் என்று கேட்டதும், அவள் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டது நினைவிருக்கிறது.

மனுவில் அம்மா முதல் மனுதாரர். நான் இரண்டாம் மனுதாரர், மைனர், தாயைக் காப்பாளராகக் கொண்டவள். முதல் எதிர்மனுதாரர் ஒப்பந்தக்காரர். இரண்டாம் எதிர்மனுதாரர் மாமா. ஆள் வைத்தது மாமாதான் என்பதால் அவர் பெயரைப் போடாமல் இருக்க முடியாது என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். தொகையை ஒப்பந்தக்காரர்தான் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் கட்டிய பிறகு அதை மேஸ்திரியிடமிருந்து திரும்ப வசூலித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. இதை வக்கீலம்மா தணிந்த குரலில்தான் சொன்னார். மாமா வாசலில் எனக்குச் சைக்கிள் பிடித்துக்கொண்டிருந்தார்.

நோட்டீஸ் மாமா வீட்டுக்குப் போனது. அன்று முதல் அத்தைக்குக் கேலி பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தது. மாமா சாப்பிட உட்கார்ந்தால், "எதிர்மனுதாரரு வந்துட்டாரு, இலை போடுங்கடி" என்பாள். மாமாவும், "ஆங், குழம்பு கொஞ்சம் தாராளமா ஊத்து, வாய்தா நாளிக்குத்தான்" என்பார். ஆனால் அவர்கள் வீட்டில் கலியாணத்துக்கு ஒரு பெண் இருந்தாள். அத்தை சிரித்து முடித்ததும் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகம் சென்னையில். விடியற்காலை ரயிலுக்கு மாமாதான் டிக்கெட் எடுப்பார். அம்மா புளிச்சோறு கட்டிக்கொள்வாள். முதல் வாய்தாவன்று, அலுவலக வளாகத்தில் வேப்பமரத்தடியில் மூவரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வக்கீலம்மா பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது! எதிர்மனுதாரரோட உக்காந்து சாப்பிடறீங்க?"

"எங்க அண்ணங்க," என்றாள் அம்மா.

"இங்க அவரு அண்ணன் இல்ல. ரெண்டு பேரும் கூட்டு சேந்து கேஸ் போட்டீங்கன்னு அந்தப் பக்கத்து வக்கீல் சொல்லுவாரு. இனிமே தனித்தனியா வாங்க."

மாமா வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு எழுந்து, அடுத்த மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ரயிலிலும் வேறு பெட்டியில்தான் ஏறினார். அரக்கோணத்தில் வண்டி நிற்கும்போது நான் இறங்கி ஓடி, அவருடைய பங்குச் சோற்றை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வருவேன். அது எனக்குப் பிடித்த விளையாட்டாக இருந்தது. அதற்காகவே வாய்தாக்கள் தள்ளிப்போக வேண்டும் என்று விரும்பினேன். தள்ளியும் போயின.

சினிமாவில் பார்த்த கூண்டு அங்கே இல்லை. ஒரு மேசை, அதிகாரி, தட்டச்சு செய்பவர், சாட்சிக்கு ஒரு மர நாற்காலி. அம்மாவை அதில் உட்கார வைத்து, ஒப்பந்தக்காரரின் வக்கீல் கேட்டார். நைனா அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்ததை அவர்கள் மறுக்கவில்லை. அன்றைக்கு வேலை இல்லை என்பதுதான் அவர்கள் வாதம்.

"ஆடிக் கிருத்திகைக்கு லீவுதானே?"

"ஆங், லீவுதாங்க."

"அந்த மாடிலேர்ந்து பாத்தா தெப்பம் நல்லாத் தெரியும் இல்ல?"

"தெரியுங்க."

"உங்க கணவர் தெப்பம் பாக்கறதுக்காகத்தான் மேல ஏறினாரு. வேலைக்காக இல்ல. சரிதானே?"

"அது எப்படிங்க? பொண்ணைத் தோள்ல தூக்கினு போறன்னு சொல்லிகிறாரு. அவளை வுட்டுட்டு அவரு மட்டும் பாக்க மாட்டாருங்க."

அதிகாரி தட்டச்சு செய்பவரைப் பார்த்து, "தெப்பம் பார்க்கவே மேலே ஏறினார் என்று சொன்னால் சரியல்ல" என்றார். அம்மா சொன்னதில் அவ்வளவுதான் பதிவானது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் போய்ச் சொன்னால் நன்றாகச் சொல்வேன், பச்சைப் பாவாடையைப் பற்றியும் சொல்வேன் என்று அம்மாவின் கையை இழுத்தேன். இரண்டாம் மனுதாரரை யாரும் கூப்பிடவில்லை.

ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது: நைனாவை அன்று யாராவது வேலைக்கு அனுப்பினார்களா? அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவரை அடுத்த வாய்தாவில் தங்கள் பக்கச் சாட்சியாக அழைப்பதாக ஒப்பந்தக்காரரின் வக்கீல் சொன்னார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா அம்மாவிடம் கேட்டார்: "உங்க அண்ணன் என்ன சொல்வாரு?"

"தெரிலீங்க."

"கேட்டுட வேண்டியதுதானே?"

"எப்படிங்க கேக்கறது? அவரும் பொண்ணு வச்சுகிறாரு."

அந்த மாதம் முழுவதும் மாமா எப்போதும் போல வந்தார், காய்கறி கொடுத்தார், போனார். அம்மா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒருநாள் ஒப்பந்தக்காரரின் ஜீப் மாமா வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றது. அன்று ராத்திரி அத்தை இலை போடும்போது ஒன்றும் சொல்லவில்லை.

வாய்தா நாளில் மாமா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அழைத்த வக்கீல் தைரியமாகவே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நீங்க யாரையும் வேலைக்கு வரச் சொல்லல. அப்படித்தானே?"

மாமா அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"வேலைக்கு வரச் சொல்லலீங்க. தண்ணி கட்டச் சொன்னேன்."

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். "திருவிழா அன்னிக்கு யாராவது தண்ணி கட்டுவாங்களா?"

"சாமிக்குத் தெப்பம்னு காங்கிரீட்டுக்குத் தெரியுங்களா? வெயில் அடிச்சா வெடிப்பு வுடுங்க. நான்தான் அனுப்பினேன். அரைநாள் கூலியும் பேசினேன்."

அதிகாரி நிமிர்ந்து, "நீங்களும் இந்த வழக்கில் எதிர்மனுதாரர். சொல்வதன் விளைவு தெரியுமா?" என்று கேட்டார்.

"ஆங், தெரியுங்க. ஜீப்புல வந்து சொல்லிட்டுத்தான் போனாங்க."

தட்டச்சு செய்பவர்கூடச் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. இந்த முறை ஒரு சொல் விடாமல் எழுத வைத்தார். அம்மா குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அழுகிற மாதிரி யாரும் எதுவும் சொல்லவில்லையே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. மேல்முறையீடு செய்வதென்றாலும் முழுத் தொகையையும் வட்டியோடு முதலில் கட்டியாக வேண்டும் என்பதால், ஒப்பந்தக்காரர் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அம்மாவின் பங்கைக் கொடுத்தார்கள். என் பங்கு எனக்குப் பதினெட்டு வயதாகும் வரை வங்கியில் வைப்புத்தொகையாகப் போடப்பட்டது. வட்டியை மட்டும் அம்மா எடுக்கலாம். அந்த வட்டியில்தான் படித்தேன்.

சில வாரம் கழித்து, பள்ளிவிட்டு வரும்போது மாமா வீட்டு வாசலில் லாரி நின்றது. பின்னால் இருந்த கொட்டகையிலிருந்து, தளம் போட மாமா சொந்தமாக வாங்கி வைத்திருந்த சென்ட்ரிங் பலகைகள், முட்டுக்கம்புகள், இரும்புத் தகடுகள் எல்லாவற்றையும் ஆட்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லாரி அரக்கோணத்து ஒப்பந்தக்காரருடையது. விடுதி வேலைக்கு மாமாவுக்கு வரவேண்டிய பாக்கியும் வரவில்லை என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். மாமா பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, மண் உதிர்த்து, ஆட்களிடம் பக்குவமாகக் கொடுத்தார். மறுநாள் ஒரு கொத்துக்கரண்டியும் மட்டப்பலகையும் மட்டும் பையில் போட்டுக்கொண்டு, புத்தூர்ப் பக்கம் வேறொரு மேஸ்திரியிடம் கூலிக்குக் கிளம்பினார்.

அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். நான் பஸ் நிறுத்தம் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். ஆந்திரா பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவருக்கு. நான் கையசைத்தேன். மாமாவுக்கு வெளியூரில் பெரிய வேலை கிடைத்திருக்கிறது, சாமானெல்லாம் லாரியில் முன்னாலேயே போய்விட்டது என்று மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.