அரை லிட்டர் பாட்டில், அரைக் கிலோ பாட்டில்

என் தங்கை முப்பது பெட்டிகளில் தேனீ வளர்க்கிறாள். நான் தையற்காரன். அவள் தேன் வடிகட்டும் நைலான் வலைப்பைகளைத் தைத்துக் கொடுப்பது நான்தான் என்பதால், அவளுடைய தொழிலில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்வேன். அவள் மறுத்ததில்லை.

தொழில் தொடங்கியதே என் கடையில்தான். ஒருநாள் காலையில் ஷட்டரைத் திறந்தால், உபரித் துணி போட்டு வைக்கும் மரப்பெட்டிக்குள் ஒரு தேனீக் கூட்டம் குடியேறியிருந்தது. நான் மண்ணெண்ணெய் தேடினேன். அப்போது பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தங்கை, ஒரு தேனீக்காரரைக் கூட்டி வந்தாள். அவர் கூட்டத்தைப் பெட்டியோடு எடுத்துப்போனார். மறுவாரம் அவரிடமே போய் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். இரண்டு பெட்டி நாலாயிற்று, நாலு பத்தாயிற்று. முப்பது ஆனபோது பார்சல் அலுவலகத்துக்கு முழுக்குப் போட்டாள்.

எதைச் செய்தாலும் வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே செய்வாள். அவள் புருஷன் எலக்ட்ரீஷியன், கேலி பேசாவிட்டால் சோறு இறங்காத ஆள். அவளுக்குக் ‘கால்குலேட்டர்’ என்று பேர் வைத்திருந்தார்.

முதல் சில வருடங்கள் தேனைக் கிலோக் கணக்கில்தான் விற்றாள். வீட்டுக்கு வருகிறவர்கள் தூக்குவாளியோ சம்படமோ கொண்டுவருவார்கள். தராசில் வைத்து எடை போட்டு ஊற்றிக் கொடுப்பாள். அதில் தகராறுக்கு இடமே இல்லை. இந்த வருடம்தான், பெரிய தெருவில் இருக்கும் மளிகைக்கடைக்காரர், பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டிக் கொடுத்தால் மொத்தத்தையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பாட்டிலுக்கு என்ன விலை என்று கேட்டார்.

அவள் கணக்குப் போட்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டிகளின் மேலறையில் இருக்கிற தேனை மட்டும்தான் எடுப்பாள். கீழே குஞ்சு வளரும் அறையில் கை வைக்க மாட்டாள். அது அவற்றின் சாப்பாடு. சில பெட்டி பத்துக் கிலோ தந்தது, சில பெட்டி நாலோடு நிறுத்திக்கொண்டது. வடிகட்டி, டிரம்மில் தெளியவிட்டு, மேலே மிதந்த நுரையை எடுத்தபின் இருநூற்றுப் பத்துக் கிலோ நின்றது. செலவு என்று பார்த்தால், பூ இல்லாத மாதங்களில் கொடுத்த சர்க்கரை, தேனீ அடை கட்டுவதற்குச் சட்டத்தில் பொருத்தும் மெழுகுத் தாள், பெட்டி ரிப்பேர், பெட்டிகளைப் பூத்த இடத்துக்கு ஏற்றிப்போன லாரி, தேன் எடுக்க உதவிய இரண்டு பெண்களின் கூலி, கடைசியாக அவளுடைய சம்பளம்.

“உனக்கு நீயே சம்பளம் குடுத்துக்கிறியா? நல்லா இருக்கே இந்தக் கம்பெனி. ஆள் எடுக்கறாங்களா?” என்றார் அவள் புருஷன்.

“நான் செய்யலன்னா ஒரு ஆள் வெக்கணும். அந்த ஆளு சும்மா வருமா?” என்றாள். அவர் என்னைப் பார்த்து, “மச்சான், உங்க வீட்டுப் பொண்ணு முதலாளியும் அவதான், தொழிலாளியும் அவதான். ஸ்டிரைக் பண்ணினா யார்கிட்டப் பேசறது?” என்றார்.

எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் வந்தது. இருநூற்றுப் பத்துக் கிலோ என்றால் அரைக் கிலோ பாட்டில் நானூற்றிருபது. பாட்டிலுக்கு நூறு. பாட்டிலும் மூடியும் பதினெட்டு, லேபிள் இரண்டு. நூற்றிருபது. முப்பது லாபம் வைத்து நூற்றைம்பது என்று கடைக்காரரிடம் சொன்னாள். அவர் பேரம் பேசாமல் சரி என்றுவிட்டார். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்த லாபத்துக்கு ஒரு வேலை காத்திருந்தது. இங்கே பூ முடிந்துகொண்டிருந்தது. நாலு மணிநேரத் தொலைவில் சூரியகாந்தி பூக்கத் தொடங்கியிருந்தது. பெட்டிகள் முப்பதையும் அங்கே ஏற்றிப்போக லாரிக்காரர் ஐயாயிரம் கேட்டார், அதுவும் முன்பணமாக. போகாவிட்டால், பசித்த தேனீக்கள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். நம்மிடம் சொல்லிக்கொண்டு போகிற ஜாதி இல்லை அவை. அடுத்த வாரத்துக்குள் லாரி வந்தாக வேண்டும்.

பாட்டில் வியாபாரி நானூற்று முப்பது பாட்டில் இறக்கினார். உடைந்தால் இருக்கட்டும் என்று பத்து கூடுதல். முதலில் அறுபதை நிரப்பி, ‘நிகர எடை 500 கிராம்’ லேபிள் ஒட்டி, கடைக்கு அனுப்பிவிட்டாள். மீதியை அடுத்தடுத்த நாட்களில் மதிய வெயிலில் நிரப்பினோம். அந்த நேரத்தில்தான் தேன் இளகிச் சீராக இறங்கும். அவள் டிரம்மின் குழாயைத் திறந்து மூடினாள். நான் பாட்டிலின் வாயைத் துடைத்து மூடி போட்டேன். அவள் புருஷன் எடுத்து அடுக்கினார்.

முன்னூறாவது பாட்டில் நிரம்பியதும் குழாயிலிருந்து நூல்போல ஒழுகி நின்றுவிட்டது.

சுவரோரமாக நூற்று முப்பது காலிப் பாட்டில்கள் நின்றன. அவள் டிரம்மைச் சாய்த்தாள். ஒன்றும் இல்லை. அவள் புருஷன் டார்ச் அடித்துத் தரையைப் பார்த்தார், குழாயின் வாஷரைக் கழற்றிப் பார்த்தார். “கசிஞ்சிருந்தா எறும்பு ஊர்வலம் போயிருக்குமே, ஒண்ணக் கூடக் காணோமே” என்றார். டிரம்மை எடை போட்டபோது நான்தான் தராசைப் படித்தேன். அதனால் நான் தப்பாகப் படித்தேனோ என்று ஒரு பக்கம் போனது பேச்சு. உதவிக்கு வந்த பெண்கள் என்று அவள் புருஷன் மெதுவாக இழுத்தார். அதற்குமேல் அவள் அவரைப் பேசவிடவில்லை. அறுபது கிலோவை யாரும் முந்தானையில் முடிந்துகொண்டு போக முடியாது என்றாள்.

காலிப் பாட்டில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து தராசைக் கொண்டுவந்தாள். ஒரு காலிப் பாட்டிலை மூடியோடு வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். அதை எடுத்துவிட்டு, நிரம்பிய பாட்டிலை வைத்தாள். முள் ஐந்நூறைத் தாண்டி, அறுநூறைத் தாண்டி, எழுநூறில் போய் நின்றது.

“அண்ணே, இது அரை லிட்டர் பாட்டில். அரைக் கிலோ பாட்டில் இல்ல” என்றாள்.

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. அரை லிட்டர் தண்ணீர் அரைக் கிலோ இருக்கும். தேன் தண்ணீரைவிடக் கனம். அதே இடத்தில் எழுநூறு கிராம் உட்கார்ந்துகொள்கிறது. இத்தனை வருடமும் எடை போட்டே விற்றவளுக்கு, லிட்டரில் யோசிக்க வேண்டிய அவசியம் வந்ததே இல்லை. பாட்டில் வியாபாரி ‘அரை’ என்றார், இவளும் ‘அரை’ என்றே எடுத்துக்கொண்டாள்.

நாற்பத்திரண்டாயிரத்தை முன்னூறால் வகுத்தால் நூற்று நாற்பது. பாட்டிலும் லேபிளும் இருபது. நூற்றறுபது ஆகிற சரக்கை நூற்றைம்பதுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மிஞ்சிய காலிப் பாட்டிலுக்குப் போட்ட பணம் வேறு முடங்கிக் கிடந்தது. லாரிக்கு ஒரு காசு தேறாது.

அவள் புருஷன் அன்று முதல்முறையாகக் கேலி பேசவில்லை. எல்லாவற்றையும் டிரம்மில் திரும்பக் கொட்டிச் சின்னப் பாட்டிலில் அடைக்கலாமா என்று கேட்டார். புதுப் பாட்டில் காசு, மறுபடியும் கூலி, பாட்டிலில் ஒட்டி வீணாவது என்று அவள் அடுக்கினாள். அதோடு, லாரி வருவதற்குள் முடியாது. மூன்று பங்கு தேனுக்கு ஒரு பங்கு சர்க்கரைப் பாகு கலக்கலாம் என்று பாட்டில் வியாபாரி எப்போதோ சொன்ன யோசனையை நான் வாயால் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, “அது மட்டும் வேணாம்ணே” என்றாள்.

மறுநாள் நானும் அவளோடு கடைக்குப் போனேன். நிரம்பிய பாட்டில் ஒன்றைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டாள். விலையைக் கூட்டிக் கேட்க அவளுக்கு மனசே வரவில்லை. கொடுத்த வார்த்தையை மாற்றுகிறோமே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கடையில் கூட்டம் இருந்தது. அவள் நேரே தேன் அலமாரிக்குப் போனாள். வேறொரு கம்பெனியின் அரைக் கிலோ பாட்டில் நூற்றுத் தொண்ணூறு என்று போட்டிருந்தது. அதன் பக்கத்தில் அவளுடையது ஏழெட்டுப் பாட்டில்தான் மிச்சம். அவள் ஒட்டிய லேபிளில் ‘500 கிராம்’ இருந்த இடத்தின்மேல், கடையின் சிறிய வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. எழுநூறு கிராம், இருநூற்றறுபது.

அவள் அந்தச் சீட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பையிலிருந்த பாட்டிலை வெளியே எடுக்கவே இல்லை. கடைக்காரர் ஓய்ந்ததும் கல்லாவுக்கு எதிரில் போய் நின்றாள்.

“எடை போட்டீங்களா முதலாளி?”

அவர் கொஞ்சம் நெளிந்தார். “எடை போடாம நான் எதையும் அலமாரியில ஏத்தறதில்லம்மா. நாப்பது வருசப் பழக்கம்.”

“அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“நீ கேக்கல. ஏதோ கணக்கோடதான் குடுக்கறேன்னு நெனச்சேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் என் கையை லேசாகத் தொட்டாள். சத்தம் போட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அப்புறம் பேச்சுக்கு வழியில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கம்பெனிப் பாட்டிலில் அவருக்கு எவ்வளவு நிற்கிறது என்று சாதாரணமாகக் கேட்டாள். முப்பது, முப்பத்தைந்து நிற்கும் என்றார். அவளுடையதில் நூற்றுப் பத்து நிற்கிறது என்று இவளே சொன்னாள். அவர் கூரையைப் பார்த்தார்.

“நான் சொன்னது அரைக் கிலோவுக்கு நூத்தைம்பது. நீங்க வாங்கினது எழுநூறு கிராம். மீதி இருநூத்து நாப்பது பாட்டிலுக்கு நூத்துத் தொண்ணூறு போட்டுக் குடுங்க. இருநூத்தறுபதுக்கே வித்துக்கலாம். வாங்கறவங்களுக்கு ஒண்ணும் மாறப்போறதில்ல. உங்களுக்கு அப்பவும் எழுபது நிக்கும்.”

அவர் கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். மறுபடியும் தட்டினார். கேட்டுப் பார்ப்போம் என்று நூற்றெழுபது என்றார். அவள் தலையாட்டி மறுத்தாள். அடக்க விலையே நூற்றறுபது ஆகிறது என்றும், சூரியகாந்திக்குப் போகாவிட்டால் அடுத்த வருடம் இந்த அலமாரியில் அவள் பாட்டிலே இருக்காது என்றும் மறைக்காமல் சொன்னாள்.

“அந்த முதல் அறுபதுக்கும் கேக்கப் போறியா?” என்றார்.

“அது நான் சொன்ன விலை. போனது போகட்டும்.”

அதைக் கேட்டபின்தான் அவர் கல்லாவைத் திறந்தார். நூற்றுத் தொண்ணூறு என்று ஒப்புக்கொண்டு, லாரிப் பணத்தை அங்கேயே முன்பணமாக எண்ணிக் கொடுத்தார். “அடுத்த தடவ நீயே எடை போட்டு லேபிள் ஒட்டிக் கொண்டாம்மா, எனக்குச் சீட்டு மிச்சம்” என்று முணுமுணுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் எழுநூறு கிராம் என்று புது லேபிள் அடிக்கச் சொன்னாள். காலிப் பாட்டில்களைப் பாட்டில் வியாபாரி கொஞ்சம் கழித்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொண்டார். அடுத்த வருடத்துக்கு அவரிடம் நாலு அளவில் மாதிரி வாங்கி, ஒவ்வொன்றிலும் தேன் ஊற்றித் தராசில் வைத்து, அரைக் கிலோ கழுத்துவரை வருகிற பாட்டிலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். லாரி போக அவளுக்குக் கையில் நின்றது மிகக் கொஞ்சம். ஆனாலும் அவள் சம்பளம் அதில் சேராது. அது முதலிலேயே செலவில் இருக்கிறது. அதை அவள் புருஷனிடம் நான் எடுத்துச் சொன்னபோது, “ஒத்துக்கிறேன் மச்சான், கம்பெனி நல்ல கம்பெனிதான்” என்றார்.

தேனீக்கள் எல்லாம் கூடு திரும்பிய மாலையில், பெட்டிகளின் வாசலை வலையால் அடைத்து லாரியில் ஏற்றினோம். அந்த வலையும் நான் வெட்டித் தைத்ததுதான். கயிறு கட்டி முடித்த லாரிக்காரர், உள்ளே எழுந்த இரைச்சலுக்குக் காது கொடுத்துக்கொண்டே கேட்டார்.

“தேன் பாட்டில் என்ன விலைங்க?”

என் தங்கை ஏணியிலிருந்து இறங்கியபடியே சொன்னாள்.

“பாட்டில்ல எத்தன கிராம்னு மொதல்ல கேளுங்க.”