நான்கு இடது ஆள்காட்டி விரல்கள்

எனக்கு வேவு பார்க்கும் புத்தி பிறவியிலேயே உண்டு. பக்கத்து வீட்டுக் குக்கர் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதலாக அடித்தால், வந்திருக்கும் விருந்தாளி யாரென்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். வீட்டில் இதை வம்பு என்பார்கள். வேலூரில் நான் பார்க்கும் காப்பீட்டு அலுவலக வேலையில் இதற்குத்தான் சம்பளம். விபத்துக் காப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்களில் ஏதாவது உறுத்தினால், சென்னையிலுள்ள எங்கள் மோசடி விசாரணைப் பிரிவுக்கு ஒரு உள்குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் பணம் கொடுப்பதா, நிறுத்தி வைப்பதா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள்.

அந்த நான்கு ஃபைல்களையும் பார்த்தவுடனே எனக்குக் கை பரபரத்தது. ஆம்பூரைத் தாண்டி பேரணாம்பட்டுப் பக்கம் ஒரே ஊர். ஒரே மகளிர் குழு. நான்கு பேரும் ஒரே நாளில் பாலிசி எடுத்தவர்கள். பத்து மாதத்துக்குள் நான்கு பேருக்கும் இடது கை ஆள்காட்டி விரலின் நுனி போயிருந்தது. ஒருத்திக்கு இரும்பு கேட்டில், ஒருத்திக்குச் சைக்கிள் செயினில், ஒருத்திக்குக் கிணற்று ராட்டினத்தில், கடைசி ஆளுக்கு வீட்டுக் கிரைண்டரில். நான்கு விண்ணப்பங்களும் ஒரே கையெழுத்து. வைத்தியம் பார்த்ததும் ஒரே கிளினிக்.

பணத்துக்காக விரலை வெட்டிக்கொள்கிறவர்களைப் பற்றி எங்கள் துறையில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். எனக்கும் தெரியும். ஒரே மூச்சில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். "நால்வரும் கூட்டாகத் திட்டமிட்டு" என்ற வரியை எழுதியபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் சென்னையிலிருந்து போன் வந்தது. விசாரணைப் பிரிவின் மேலாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். குரலே உயராது. அதனாலேயே அவர் மேல் எனக்குக் கோபம் ஜாஸ்தி.

"மேடம், அவங்க திட்டம் போட்டப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"சார், விஷயம் பார்த்தாலே தெரியுதே."

"எது பார்த்ததுல தெரியுதோ, அதை மட்டும் எழுதுங்க. ஒரே கையெழுத்து, ஒரே கிளினிக், ஒரே விரல். அது போதும். நாளைக்கு இது வழக்காகி கோர்ட்டுக்குப் போனா, அந்த நாலு பேரும் படிச்சாலும் தப்பு சொல்ல முடியாத மாதிரி இருக்கணும். இதுக்கு வேற காரணம் இருக்கலாமான்னும் எழுதணும். போய்ப் பார்த்துட்டு வந்து எழுதுங்களேன்."

போனை வைத்துவிட்டு ஆம்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். சொன்னது சரி என்று தெரிந்ததுதான் கடுப்பு.

பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டும்போதே கோபம் போய்விட்டது, பழைய புத்தி வந்துவிட்டது. ஆம்பூரில் இறங்கியதும் தோல் வாசனை மூக்கில் ஏறியது. முதலில் கிளினிக்குக்குப் போனேன். விண்ணப்பத்திலேயே வைத்தியக் குறிப்பைப் பார்க்கச் சம்மதக் கையெழுத்து இருந்ததால் டாக்டர் பதிவேட்டைக் காட்டினார். அந்த ஊருக்கு ஏழு கிலோமீட்டர் சுற்றளவில் தையல் போடும் கிளினிக் அது ஒன்றுதான் என்றார். ஒரே கிளினிக் என்ற சங்கதி அங்கேயே பாதி தேய்ந்தது. ஆனால் பதிவேட்டில் நான்கு பேருக்கும் முதல் நாள் எழுதியிருந்தது ஒன்றேதான்: மெஷினில் நசுங்கியது. இரும்பு கேட்டும் இல்லை, ராட்டினமும் இல்லை.

கிரைண்டரில் அடிபட்டதாக எழுதியிருந்த பெண்ணின் வீட்டுக்குப் போனேன். நாற்பது வயதிருக்கும். குழுவின் கணக்கு நோட்டு எழுதுகிறவர் அவர்தான். கையில் கட்டு இல்லை. ஆனால் மொட்டையான அந்த விரலை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தார். நுனியில் எலும்பு குத்துகிறது, துணி பட்டாலே உயிர் போகிறது, இந்த மாதத்துக்குள் இன்னொரு ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பணம் வந்தால்தான் ஆபரேஷன். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, கேலண்டரைப் பார்த்தார்.

சந்தேகப்படுகிறோம் என்று நாங்கள் சொல்லக் கூடாது. வாயில் பதிலைப் போட்டும் கேட்கக் கூடாது. "எப்படி அடிபட்டுச்சும்மா, நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"கிரைண்டர்ல மேடம். மாவு தள்ளிவிட்டேன், இழுத்துக்கிச்சு."

"அந்தக் கிரைண்டரைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

காட்டினார். உள்ளே நிறைய சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருந்தது. குழவிக்கல் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. ஒயரை எலி கடித்திருந்தது, அதுவும் எந்தக் காலத்திலோ. நான் வெங்காயத்தைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தது அவர்தான்.

"போச்சு போ. நாலு பேருக்கும் நான்தான் எழுதினேன் மேடம். எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதினா டவுட் வரும்னுதான் ஆளுக்கு ஒண்ணா யோசிச்சேன். எனக்கு வரும்போது வேற ஒண்ணும் தோணல."

இத்தனை வருடத்தில் எனக்கு வந்த மிக நேர்மையான வாக்குமூலம் அதுதான். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உண்மையை அவரே சொன்னார். ஊர்க்கோடியில் ஒரு ஷெட். ஷூ கம்பெனிகளுக்காகத் தோலை அளவாக வெட்டிக் கொடுக்கிற ஜாப் ஒர்க். குழுவில் எட்டுப் பேர் அங்கேதான் வேலை செய்கிறார்கள். விரல் போனது அங்கிருக்கும் கட்டிங் பிரஸ்ஸில்.

"அதை ஏன் எழுதல?"

"மெஷின்னு எழுதினா ஆபீசருங்க வந்து ஷெட்டை மூடிடுவாங்கன்னு ஓனர் சொன்னாரு. வேலைல அடிபட்டா இன்சூரன்ஸும் தர மாட்டாங்கன்னாரு. எட்டுப் பேர் வயித்துல அடிச்சுட்டு நான் இன்னா பண்றது?"

அவருடைய பாலிசிக் காகிதம் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. அவருடைய பாலிசியில் உள்ளதை அவருக்குப் படித்துக் காட்டுவதில் தவறில்லை. விபத்து எந்த இடத்தில் நடந்தாலும் செல்லும் என்று அதில் இருந்தது. தொழில் என்ற இடத்திலும் தோல் வெட்டும் வேலை என்று ஒழுங்காகவே எழுதியிருந்தார்கள். காகிதத்தை வாங்கி அந்த வரியை அவரே ஒருமுறை படித்தார்.

"அப்போ இவ்ளோ கதை கட்டினது தண்டமா?" என்றார். பிறகு முகம் மாறியது. "பொய் சொன்னேன்னு எழுதிடுவீங்களா மேடம்?"

அதுதான் விஷயம். பொய்த் தகவல் தந்தால் கோரிக்கையை நிராகரிக்கலாம் என்பதும் அதே காகிதத்தில் இருந்தது. நான் ஒரு வார்த்தையை மாற்றி எழுதினால் அந்த எலும்பு அப்படியே குத்திக்கொண்டிருக்கும். "ஃபார்ம்ல இன்னா இருக்கு, டாக்டர் நோட்டுல இன்னா இருக்கு, நீங்க இன்னா சொன்னீங்க, இது மூணும் எழுதுவேன்" என்றேன். "நீங்க எதையாவது திருத்திச் சொல்லணும்னா கைப்பட எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தாதான் பணம் வரும்னு நான் சொல்லல. முடிவு என் கையில இல்ல."

யோசித்தார். ஓனர் வேலையை விட்டு நிறுத்தினால் என்ன செய்வது என்று என்னையே கேட்டார். பிறகு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுத ஆரம்பித்தார். மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டு அனுப்பி, அவரவர் கதையை அவரவர் கையாலேயே எழுத வைத்தார்.

திரும்பும் வழியில் ஷெட்டை எட்டிப் பார்க்காமல் வர என்னால் முடியுமா? ஓனர் இல்லை. முப்பது வயதிருக்கும் ஒரு பெண் மெஷினில் இருந்தார். விரல்களில் மருதாணி பளபளத்தது. எப்படி ஓட்டுவது என்று கேட்டதும் பெருமையாகக் காட்டினார். தோலை விரித்து, அதன் மேல் வெட்ட வேண்டிய வடிவத்திலுள்ள அளவுக்கத்தியை இடது கையால் வைத்து, வலது கையால் பட்டனைத் தட்ட, இரும்புத் தலை டப்பென்று இறங்கி ஏறியது. பட்டன்கள் இரண்டு இருந்தன. இரண்டு கையாலும் அழுத்தினால்தான் தலை இறங்கும், அப்போது விரல் நடுவில் இருக்க வழியே இல்லை. ஆனால் இடது பட்டன் எப்போதும் அழுந்தியே இருக்கும்படி அதன் மேல் ஒரு தோல் வாரை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கை பட்டுப் பட்டு அந்த வார் மினுமினுத்தது.

"இதை ஏன்மா கட்டி வெச்சிருக்கீங்க?"

"ஒரு கை ஃப்ரீயா இருந்தாதான் மேடம் வேகம் வரும். அவுத்துட்டா பாதி பீஸ்கூட வராது."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏன் இடது கை, ஏன் அந்த விரல் என்று இத்தனை நாளாக மண்டையைக் குடைந்த கேள்விக்கு விடை கிடைத்ததில் எனக்கு அப்போது வந்தது சந்தோஷம்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "அவுத்துடுங்கம்மா, விரல் போயிடும்" என்று சொன்னேன். சரி மேடம் என்று சிரித்தார். நான் பஸ் பிடிக்க ஓடினேன்.

இரண்டாவது குறிப்பை எழுத மூன்று நாள் ஆனது. "கூட்டாக" போனது. "திட்டமிட்டு" போனது. "விண்ணப்பங்களில் காணும் காரணமும் கிளினிக் பதிவேட்டில் காணும் காரணமும் வேறுபடுகின்றன. நால்வரும் தாமாக முன்வந்து திருத்திய வாக்குமூலம் அளித்துள்ளனர். அது பதிவேட்டுடன் ஒத்துள்ளது. ஒரே கையெழுத்து, குழுவின் கணக்கு எழுதுபவருடையது என அவரே தெரிவித்தார். ஒரே நாளில் பாலிசி எடுத்தது, குழுவாகச் சேர்ந்ததால் இருக்கலாம். பார்வையிட்ட நாளில் இயந்திரத்தின் ஒரு பட்டன் தோல் வாரால் கட்டப்பட்டிருந்தது. காயங்கள் வேண்டுமென்றே ஏற்படுத்தப்பட்டவை என்பதற்கு நேரடி ஆதாரம் எதையும் நான் காணவில்லை." இப்படிப் போனது.

மேலாளர் போன் செய்தார். "நல்லா இருக்கு மேடம். அந்த வார் விஷயம் மட்டும் நமக்கு எதுக்கு? ஷெட்டைப் பத்தி நாம குறை சொல்ற மாதிரி ஆயிடாது?"

"குறை சொல்லல சார். பார்த்தேன், எழுதினேன். நீங்கதானே சொன்னீங்க."

அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். நான்கு கோரிக்கைகளும் அனுமதிக்கப்பட்டன. ஆபரேஷன் முடிந்து, கணக்கு நோட்டு எழுதும் அந்தம்மா போன் செய்தார். இப்போது குத்தவில்லை, துணி துவைக்கிறேன் என்றார். ஓனர் இரண்டு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு ஆர்டர் வந்ததும் அவரே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டாராம். அன்று முழுக்க அலுவலகத்தில் நான் குஷியாக இருந்தேன்.

நாலு மாதம் கழித்து ஐந்தாவது ஃபைல் வந்தது. அதே ஊர், அதே குழு, அதே கையெழுத்து. இடது கை ஆள்காட்டி விரல். விபத்து நடந்த இடம் என்ற இடத்தில் ஷெட் என்றும், காரணத்துக்கு எதிரே கட்டிங் பிரஸ் என்றும், பட்டன் கட்டியிருந்தது என்றும் தெளிவாக எழுதியிருந்தார்கள். கிளினிக் சீட்டும் அதையே சொன்னது. கூடவே அடிபட்ட கையின் போட்டோ. கட்டுக்கு வெளியே தெரிந்த மற்ற விரல்களில் மருதாணி பாதி அழிந்திருந்தது.

வெகுநேரம் அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் படிவத்தில் சந்தேகத்துக்குரிய அம்சங்கள் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.