போனில் ஓகே ஆன நீலப்பச்சை

மரக்காணத்தில் உப்பளக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் சிலர் சேர்ந்து, சொந்தமாக உப்பு பாக்கெட் போடத் தொடங்கியிருந்தார்கள். அட்டைப்பெட்டிக்கு டிசைன் செய்யும் வேலை எனக்கு வந்தது. நான் போனில் அனுப்பிய நீலப்பச்சை அவர்களுக்குப் பிடித்துப்போனது. "சூப்பர் தம்பி, ஓகே" என்று அவர்களில் மூத்த அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பின்னால் மற்றவர்களின் சிரிப்பும் கேட்டது. அந்த நிறம் அச்சில் அப்படி வராது என்று எனக்கு அப்போதே தெரியும். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

புதுச்சேரி அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி அவர்களுக்குப் போனதும் அக்கா கூப்பிட்டார். "இன்னா தம்பி, நாங்க பாத்த கலரே இல்லயே? அழுக்குத் தண்ணி மாதிரி இருக்குது. இவங்கல்லாம் என்னத்தான் கேக்கறாங்க. ஏன்னு எழுதி அனுப்பு, படிச்சுக் காட்டறேன்."

எழுதினேன். 'போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சில் நான்கு மைகள் கலந்துதான் நிறம் வருகிறது. திரையில் தெரியும் பளிச்சென்ற சில நிறங்கள் அந்தக் கலவையில் கிடைக்காது. நீங்கள் கேட்ட வழவழப்பில்லாத அட்டை மையை உறிஞ்சுவதால் இன்னும் மங்கும்.' எல்லாம் உண்மைதான். ஆனால் படித்துப் பார்த்தபோது, குற்றம் திரைமேலும் அட்டைமேலும் இருந்தது. நான் எங்குமே இல்லை. கடைசியில் சேர்த்தேன்: 'இது எனக்கு முன்பே தெரியும். ஓகே வாங்குவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும். மன்னியுங்கள்.'

கடிதத்தை அனுப்பிவிட்டு நேரிலும் போனேன். அவர்களுடைய ஷெட்டின் ஷட்டர் புதுசாக, அதே நீலப்பச்சையில் மின்னியது.

"பெட்டிக்கு மேட்சா இருக்கட்டும்னு அடிச்சோம்," என்றார் அக்கா. "பெயிண்ட் கடைக்காரரு போனப் பாத்து இவ்ளோ கிட்டத்துல கலக்கிக் குடுத்துட்டாரு. பிரஸ்ல அப்படிக் கலக்க மாட்டாங்களா?"

"கலக்குவாங்க அக்கா. அந்தக் கலருக்குன்னே தனி மை. ஆனா ஒவ்வொரு மைக்கும் ஒரு பிளேட், அச்சுத் தகடு, வேணும். இதுக்கு இன்னொண்ணு சேரும், செலவு அதிகம்."

"அத ஏன் எங்ககிட்ட கேக்கல?"

அந்தச் செலவு இவர்களால் முடியாது என்று நானே முடிவு செய்திருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

பெட்டி டிசைனில் நான்கு மையும் தேவைப்பட்ட உப்புக் குவியல் போட்டோவை நீக்கிவிட்டு, தனி மையும் கறுப்பும் மட்டும் வைத்து டிசைனை மாற்றினேன். நான்கு பிளேட்டுக்குப் பதில் இரண்டு போதும் என்பதால் செலவு கட்டுக்குள் நின்றது. இந்த முறை அச்சகத்தில் அதே அட்டையில் மையைத் தடவி வாங்கி, கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். திரையின் பளபளப்பு இல்லை, ஆனால் நீலப்பச்சைதான்.

"இது போதும்," என்றார் அக்கா.

'தம்பி' என்று சேர்க்கவில்லை. வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.