கறிக்குக் கொடுத்தது யார்?

நகுரு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் செல்போன் சந்தையில் கெமுன்டோவைத் தெரியாதவர் கிடையாது. தண்ணீரில் விழுந்த போன், லாரிச் சக்கரத்தில் மாட்டிய போன், கோபத்தில் சுவரில் எறிந்த போன், எது வந்தாலும் முதலில் அவள் மேசைக்குத்தான் வரும். சரி பண்ண முடியாது என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள், பார்த்த நேரத்துக்குக் காசு வாங்க மாட்டாள். சரி பண்ணிவிட்டால் சொன்ன கூலியில் ஒரு ஷில்லிங் குறைக்க மாட்டாள். இதனால் அவளைக் கஞ்சப்பிசினாறி என்பவர்களும் உண்டு. அப்படிச் சொல்கிறவர்கள் போனையும் அவளிடம்தான் கொண்டுவருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை அவளும் பக்கத்துக் கடைக்காரர்கள் மூன்று பேரும் சேர்ந்து சுட்ட கறி சாப்பிடப் போவது வழக்கம். போனுக்கு உறை விற்கும் கிப்லிமோ, அதிர்ந்து பேசத் தெரியாதவன். பணம் அனுப்பும் கடை வைத்திருக்கும் ஞ்சாம்பி, கெமுன்டோவின் உயிர்த்தோழி. கண்ணாடித் திரை மொத்த வியாபாரி பராசா. அவன் சிரித்தால் சந்தையின் அடுத்த முனையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான்.

அவர்கள் போகும் கடையில் கறி வாங்குவது ஒரு இடம், சாப்பிடுவது ஒரு இடம். வாசலில் கறிக்கடை. ஆட்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். முதலில் போகிறவர் கிலோக் கணக்கில் நிறுத்து, அங்கேயே காசு கொடுத்து, சுடச் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார வேண்டும். கறி வெந்து பலகையில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், சீக்கிரம் வருகிறவர்தான் வாங்கியாக வேண்டும். உகாலி என்கிற மக்காச்சோளக் களியும் கீரையும் குடிப்பதும் தனி. அந்தப் பில் கடைசியில் மேசைக்கு வரும்.

அன்றைக்கு முதலில் வந்தவள் கெமுன்டோ. இரண்டு கிலோ நிறுத்து இரண்டாயிரம் ஷில்லிங் கொடுத்தாள். புதுசாக ஒரு உருப்பெருக்கி வாங்க மாதாமாதம் ஒதுக்குகிற பணத்திலிருந்து எடுத்ததுதான். எப்படியும் பங்கு பிரியும்போது திரும்பிவிடும் என்று நம்பினாள்.

கறி வந்தது. நாலு பேரும் ஒரே பலகையில் கை வைத்துத் தின்றார்கள். பராசா ஒன்றன்பின் ஒன்றாக ஆறு பியர் உள்ளே தள்ளினான். ஞ்சாம்பிக்கு இரண்டு. கெமுன்டோவும் கிப்லிமோவும் ஆளுக்கொரு சோடா. பேச்சும் சிரிப்புமாகப் பொழுது போனது. பலகையில் எலும்புதான் மிச்சம்.

பில் வந்தது. மூவாயிரம். பராசா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எப்போதும்போல, தலைக்கு எழுநூற்றைம்பது என்றான். பணம் அனுப்பப் போன்களை எடுக்கச் சொன்னான்.

கெமுன்டோ போனை எடுக்கவில்லை. கறிக்குக் கொடுத்த இரண்டாயிரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதோடு எழுநூற்றைம்பதும் சேர்ந்தால், ஒரு சோடா குடித்ததற்கு இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது. ஆறு பியர் குடித்தவனுக்கு எழுநூற்றைம்பது. கேட்டால் கஞ்சப்பிசினாறி என்ற பட்டம் உறுதியாகிவிடும், கேட்காவிட்டால் உருப்பெருக்கி இன்னும் ரெண்டு மாதம் தள்ளிப்போகும். ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"கறிக் காசு இதுல இல்ல. அத நான் வாசல்லயே குடுத்துட்டேன்."

ஞ்சாம்பி மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். விடுடி, அப்புறம் பேசிக்கலாம் என்று அதற்கு அர்த்தம். பராசா வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"சரி விடு தாயி, உனக்குக் கஷ்டம்னா உன் எழுநூத்தம்பதையும் நானே போட்டுடறேன். போதுமா?"

அந்தத் 'தாயி'தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். தன் பணத்தைக் கேட்டதற்குத் தர்மம் போடுகிறான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல பராசா. என் பங்க நான்தான் குடுப்பேன். உன் பங்க நீ குடு."

பில்லை வாங்கித் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். போன் பிரித்துப் போட்டுப் பழகிய விரல், வரிகளைத் தொட்டுத் தொட்டுப் போனது. கறி இரண்டாயிரம், உகாலியும் கீரையும் நானூறு. இது எல்லாருக்கும் பொது. யார் எத்தனை துண்டு தின்றார்கள் என்று எண்ணுவது கேவலம், ஆகவே தலைக்கு அறுநூறு. குடித்தது மட்டும் அவரவருடையது. சோடா நூறு, ஆக அவளுக்கும் கிப்லிமோவுக்கும் எழுநூறு. பியர் ஒன்று முந்நூறு. ஞ்சாம்பிக்கு ஆயிரத்து இருநூறு, பராசாவுக்கு இரண்டாயிரத்து நானூறு. நாலையும் கூட்டினால் ஐயாயிரம். கறியும் பில்லும் சேர்ந்தால் அதே ஐயாயிரம். மூன்று பேரும் அவரவர் பங்கைத் தனக்கு அனுப்பினால், அதிலிருந்து பில்லுக்கு மூவாயிரம் கட்டிவிட்டு, மீதி ஆயிரத்து முந்நூறைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். உயிர்த்தோழியின் பங்கு கூடுகிறதே என்று விட்டுக்கொடுக்கவும் இல்லை.

ஞ்சாம்பி ஒரு கணம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நாள் முழுக்க அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவள் அல்லவா, மனசுக்குள் ஒரு தடவை கூட்டிப் பார்த்திருப்பாள். முதலில் அனுப்பியவள் அவள்தான். பராசா பில்லைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தான், அவன் குடித்த பியர் ஆறுதான். இரண்டாயிரத்து ஐந்நூறு அனுப்பினான், நூறு உனக்கு வைத்துக்கொள் என்ற தோரணையில். கெமுன்டோ அந்த நூறை அப்போதே அவனுக்குத் திருப்பி அனுப்பினாள். என்ன பெண் இவள்!

கிப்லிமோவும் எழுநூறு அனுப்பினான். போனைச் சட்டைப்பையில் போட்டபடி, யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"போன மாசம் கறிக்கு நான் குடுத்தேன்."

அவ்வளவுதான். புகார் மாதிரிகூட இல்லை.

கெமுன்டோவுக்கு முகம் சூடானது. ஆமாம், போன மாதம் சீக்கிரம் வந்தவன் அவன். அதே இரண்டு கிலோ, அதே இரண்டாயிரம். மேசைக்கு வந்த பில்லை மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டு எல்லாரும் வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அந்த எல்லாரிலும் அவள் உண்டு. தன் கை சுட்டபோது நியாயம் பேசியவள், அவன் கை சுட்டபோது கறி நன்றாக வெந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேறொருத்தியாக இருந்தால் பழையதை எதற்குக் கிளறுகிறாய் என்றிருப்பாள். கெமுன்டோ போனை எடுத்தாள். கையில் வந்த ஆயிரத்து முந்நூறிலிருந்து, போன மாதக் கறிக்குத் தன் பங்கான ஐந்நூறைக் கிப்லிமோவுக்கு அனுப்பினாள். அவன் சட்டைப்பை கீச்சென்று சத்தம் போட்டது.

"மன்னிச்சுக்க கிப்லிமோ. நான் அப்பவே கேட்டிருக்கணும்."

பராசா அவளையே பார்த்தான். அவள் தன் பணத்துக்காக மட்டும்தான் சண்டை போட்டாள் என்று சொல்ல வைத்திருந்த கேலி அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது. எங்க மானத்த வாங்கறதே உனக்கு வேலையாப்போச்சு என்று முணுமுணுத்தபடி அவனும் ஐந்நூறு தட்டினான். ஞ்சாம்பியும் தட்டினாள். சட்டைப்பை இன்னும் இரண்டு முறை கீச்சிட்டது. தன் நெஞ்சு நிமிர்ந்ததைக் கெமுன்டோ மறைக்கவில்லை. எதற்கு மறைக்க வேண்டும்?

கிப்லிமோ எழுந்து வாசலுக்குப் போனான். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டான் என்றுதான் நினைத்தார்கள். அவன் கறிக்கடையில் நின்று எதையோ கைகாட்டிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"இன்னும் அரைக் கிலோ சுடச் சொல்லியிருக்கேன். இது நான் வாங்கித் தர்றது. நான் வாய்விட்டுச் சொல்லிட்டேன், அதனால இதுக்கு யாரும் பங்கு பிரிக்கக் கூடாது."

அவன் சொன்னது கெமுன்டோவைப் பார்த்துத்தான். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். கை கழுவிக்கொண்டு வர எழுந்தாள்.