ஏகநாதன் கேட்காத மன்னிப்பு

படப்பையில், பம்புகளுக்கு ரப்பர் வளையம் செய்து கொடுக்கும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் ஹேமாவதி பதினான்கு வருடமாக வேலை பார்த்தாள். சேலையூரில் வீடு. கணக்கு, ஆள் வருகை எல்லாம் அவள்தான் பார்த்தாள் என்றாலும் அவளுக்குப் பெருமை ஒன்றில்தான். முதலாளி ஏகநாதன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவதை அவள் இங்கிலீஷ் மெயிலாக்குவாள்.

ஏகநாதன் உள்ளூர்க்காரர். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில்தான் இன்று தொழிற்சாலை நிற்கிறது. ரப்பரைத் தொட்டுப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். ஆனால் இங்கிலீஷில் நாலு வரி எழுத வேண்டும் என்றால் வியர்த்துவிடும். அதனால் காரில் போகும்போதும் சாப்பிடும்போதும் மனதில் வந்ததைப் பேசி அனுப்பிவிடுவார். வசவும் பெருமூச்சும் கலந்த அந்தப் பேச்சிலிருந்து வசவைக் கழித்து, வழவழவென்று ஒரு மெயில் எழுதுவாள் ஹேமாவதி. "ஹேமாம்மா எழுதினா கம்பெனி பெரிய கம்பெனியா தெரியுது" என்று ஒருமுறை அவர் சொன்னதை வீட்டில் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

ஜெரூஷா வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பெருங்களத்தூர்ப் பெண். நாவலூரில் ஏதோ ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாததால் வீட்டுக்குப் பக்கமாக வேலை தேடி வந்தவள். தரப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்துக்கொள்ளத்தான் அவளை எடுத்தார்கள். ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண்ணின் போனிலிருந்து ஏகநாதனின் குரல் கேட்டது. ஹேமாவதி தன் போனை எடுத்துப் பார்த்தாள். எதுவும் வரவில்லை.

அன்று முதல் எந்தக் குரலும் அவளுக்கு வரவில்லை. ஏன் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக வரும் பஸ்ஸில் தினமும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். சின்னப் பெண், சிரித்துப் பேசுகிறாள், அதற்கு மயங்கிவிட்டார் என்று ஒரு நாள் தோன்றும். போனில் இருக்கும் ஏதோ ஆப்பில் போட்டு எடுத்துத் தன் எழுத்து என்று காட்டுகிறாள் என்று மறுநாள் தோன்றும். தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் ஜெரூஷாவின் பின்னால் நின்று பார்த்தாள். ஆப்பைத் திறக்கத்தான் செய்தாள் அந்தப் பெண். ஆனால் அது கொடுத்ததைத் தமிழோடு வரிவரியாக வைத்துப் பார்த்து, பாதிக்கு மேல் அழித்தாள். அழித்த பிறகு முதலாளிக்குப் போன் போட்டாள். "சார், டிராயிங் மாத்தினத ஒரு வாரம் கழிச்சுதான் சொன்னாங்கன்னு உறுதியா எழுதலாமா?" என்று கேட்டாள். ஹேமாவதி இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவரிடம் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. கேட்டால் புரியவில்லை என்று ஆகிவிடும் என்று நினைத்திருந்தாள். குற்றம் கண்டுபிடிக்கப் போனவளுக்கு நெஞ்சு இன்னும் எரிந்தது.

ஆனாலும் கம்பெனியின் மெயில் கணக்கு ஹேமாவதியின் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஜெரூஷா எழுதியதை இவள்தான் அனுப்ப வேண்டும். பம்பு கம்பெனிக்கான மெயிலும், கூடவே முதலாளி பேசி அனுப்பிய குரலும் அன்று மத்தியானம் அவளுக்கு வந்து சேர்ந்தன. கூட்டிப் பெருக்கும் பேபி வெளியே போகும்வரை காத்திருந்து, அந்தக் குரலைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"அந்த பம்பு கம்பெனிக்காரன் லேட்டு லேட்டுன்னு கத்திகினு கீறான்மா. டிராயிங்க மாத்தினது அவன். மாத்தி ஒரு வாரம் கழிச்சுதான் நம்மகிட்ட சொன்னான். நாம பாட்டுக்கு பழைய அளவுல ஓட்டிகினு இருந்தோம். ஒறைக்கிற மாதிரி எழுது, ஆனா மரியாதையா எழுது. இந்த வாரக் கடைசில அனுப்பப் பாக்குறோம். அளவு சரியில்லன்னு திரும்பி வந்த பீஸ அப்புறம் பாத்துக்கலாம்."

மெயிலைப் படித்தாள். வரைபடம் மாறி ஒரு வாரம் கழித்தே தங்களுக்குத் தகவல் வந்தது, அதுவரை பழைய அளவில் உற்பத்தி நடந்தது என்று இரண்டே வாக்கியத்தில், குரலை உயர்த்தாமல் எழுதியிருந்தாள் ஜெரூஷா. 'அனுப்பப் பாக்குறோம்' என்பதை "We are aiming to dispatch" என்று வைத்திருந்தாள். ஹேமாவதியாக இருந்தால் "We will dispatch" என்று அடித்திருப்பாள். முயற்சியை வாக்குறுதியாக்கியிருப்பாள். இதைத் தானே உணர்ந்ததுதான் அவளுக்குக் கசந்தது.

கடைசி வரிக்கு வந்தாள். "We will take care of the returned parts later."

இன்னொரு முறை படித்தாள். முதலாளி சொன்ன 'அப்புறம் பாத்துக்கலாம்', இப்போதைக்கு அந்தப் பேச்சு வேண்டாம் என்பதுதான். ஜெரூஷா எழுதியதை வாங்குபவன் எப்படிப் படிப்பான்? திரும்பி வந்ததற்கெல்லாம் நாங்களே பொறுப்பு, நாங்களே சரிசெய்கிறோம் என்று படிப்பான். மேலே எழுதிய அத்தனையும் இந்த ஒரு வரியில் கவிழ்ந்துவிடும்.

ஹேமாவதிக்கு உடம்பு லேசானது. வெகுநாள் கழித்து வந்த சந்தோஷம் அது. அப்படியே அனுப்பிவிட்டால் என்ன என்று நினைத்தாள். எழுதியது அந்தப் பெண், தான் பொத்தானை அழுத்தியவள் மட்டும்தான். விரல் மவுஸ் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. ஆனால் மெயில் போய், வம்பு வந்து, அது யாருடைய தவறு என்று வெளியே தெரிய எத்தனை நாளாகுமோ. அத்தனை நாள் பொறுக்க அவளால் முடியாது. இப்போதே, எல்லாரும் பார்க்கவே தெரிய வேண்டும். எழுந்து முதலாளி அறைக்குப் போனாள். கதவைத் திறந்தே வைத்தாள்.

அந்த வரியைப் படித்துக் காட்டி, அதற்கு என்ன அர்த்தமாகும் என்று ஜெரூஷாவுக்கும் கேட்கிற குரலில் விளக்கினாள். ஏகநாதன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். நல்லவேளை பார்த்தாய், மாற்றிவிடு என்றார். ஹேமாவதி நகரவில்லை. "இவ்ளோ நாள் நான் எழுதினதுல இந்த மாதிரி ஒண்ணு வந்ததில்ல சார்" என்றாள்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "போன மீட்டிங்ல அந்த பம்பு கம்பெனிக்காரன் நம்ம மெயிலெல்லாம் ஸ்கிரீன்ல போட்டான் ஹேமாம்மா. எல்லாத்துலயும் நான் மன்னிப்பு கேட்டுகினே கீறேன். தப்பு உங்க மேலன்னு நீங்களே எழுதி குடுத்துட்டீங்களேன்னு கேட்டான். நான் எப்போம்மா மன்னிப்பு கேட்டேன்?"

திட்டியிருந்தால் அழுதிருப்பாள். அவர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார். தானே திறந்து வைத்த கதவு முதுகுக்குப் பின்னால் இருந்தது. இதுவும் ஜெரூஷாவுக்குக் கேட்டிருக்கும்.

தன் இடத்துக்கு வந்து பழைய மெயில்களைத் திறந்தாள். "We sincerely regret the inconvenience caused." ஒவ்வொன்றிலும் முதல் வரி அதுதான். மரியாதை என்று நினைத்துப் போட்ட வரி. அவர் கோபப்பட்ட நாளிலும் நியாயம் கேட்ட நாளிலும் அதே வரி. வசவைக் கழித்தபோது அவருடைய நியாயத்தையும் சேர்த்தே கழித்திருக்கிறாள்.

ஜெரூஷா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. "தேங்க்ஸ் அக்கா, மாட்டியிருப்பேன்" என்றாள். அதற்காகவும் அவள் மேல் ஆத்திரமாக வந்தது ஹேமாவதிக்கு. இருவரும் சேர்ந்து அந்த வரியை மாற்றினார்கள்: "The returned parts may be discussed separately." ஹேமாவதி அனுப்பினாள்.

இரண்டு தரப்பும் உட்கார்ந்து திரும்பிய பொருளைப் பார்க்கலாம் என்று பம்பு கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அதன்பிறகு ஏகநாதன் ஒரு வழக்கம் வைத்தார். ஜெரூஷா எழுத வேண்டும், ஹேமாவதி படித்துச் சரி என்ற பிறகே அனுப்ப வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அது சமமான ஏற்பாடு. ஹேமாவதிக்கு அது பாதி இறக்கம்தான். எழுதிய கை சும்மா இருக்க, இன்னொருத்தியின் வாக்கியத்தில் காற்புள்ளி தேடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் எரிச்சல் தொடர்ந்தது.

ஒரு காலை ஏகநாதன் இருவரையும் நிற்க வைத்து, மூலப்பொருள் விற்பவனுக்கு எழுத வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் சீக்கிரம் அனுப்பினா நல்லாருக்கும்னு போடு." ஜெரூஷா போனில் குறித்துக்கொண்டாள். ஹேமாவதி கேட்டாள்: "சார், இது கெஞ்சறதா, கண்டிஷனா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். யோசித்தார். "கண்டிஷன்தாம்மா. கரெக்டா கேட்ட" என்று சொல்லி, அவள் பக்கம் திரும்பி மிச்சத்தையும் சொன்னார். சொல்லி முடித்து, இதை நீயே எழுதிவிடு என்றார்.

ஜெரூஷாவின் விரல் போன் மேல் நின்றுவிட்டது. அவள் முதலாளியைப் பார்த்தாள், பிறகு ஹேமாவதியைப் பார்த்தாள். உதட்டில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. அந்தப் பார்வை என்னவென்று ஹேமாவதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை நாளாக அதைத்தான் அவளும் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அலைந்தாள். இரக்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. அது வரவில்லை. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, மன்னிப்பில்லாத முதல் வரியை நிதானமாக அடிக்க ஆரம்பித்தாள்.