பதின்மூன்று மீட்டர்

கல்லாவுக்கு மேலே சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, அதற்கு டேஷ்போர்டு என்று பேரன் முஹம்மது அனஸ் பெயர் சொன்ன நாளிலிருந்து செய்யதலி பாத்திமா அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறாள். வயது எழுபத்தெட்டு, இரண்டு முழங்காலும் பேச்சுக் கேட்பதில்லை. ஆனாலும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ள யார் தயவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அனஸைக் குறை சொல்லவும் முடியாது. ராஜபாளையம் பஜாரில் இருக்கும் இந்த ஜவுளிக்கடை போதாதென்று மச்சான் அப்துல் ரவூப்பைப் பங்கு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொன்று திறந்துவிட்டான். ஒரே ஆள் இரண்டு ஊர்க் கல்லாவிலும் எப்படி உட்காருவது? அதற்குத்தான் கம்ப்யூட்டர். கொள்முதல் பில்லைப் போட்டால் சரக்கு ஏறும், விற்பனை பில்லைப் போட்டால் சரக்கு இறங்கும். மீதி இவ்வளவு இருக்க வேண்டும் என்று டிவியும் சொல்லும், இரண்டு மச்சான்மார் போனும் சொல்லும். என்றைக்காவது கையில் இருக்கும் சரக்கை எண்ணிப் போட்டால், குறைவு இருக்கிற கட்டம் சிவப்பாகிவிடும்.

கிழவிக்கு அவளுடைய நீளப் பேரேடு இருந்தது. சிவப்பு அட்டை, நடுவில் நூல் கட்டியது. கணவர் மவுத்தாகி அடக்கமான பிறகு கடையில் அவள் விடாமல் வைத்துக்கொண்டது வெள்ளைத் துணியின் கணக்கு ஒன்றைத்தான். மில்லிலிருந்து தான், அதாவது முழுத் துணிச் சுருள், வந்தால் அதில் எழுதுவாள். தானைப் பிரித்து அளந்த பிறகு மறுபடியும் எழுதுவாள். மில்காரன் பில்லில் தானுக்கு இருபது மீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவான், அளந்தால் சிலதில் பத்தொன்பதே முக்கால்தான் தேறும். கம்ப்யூட்டர் மில்காரனை நம்பியது. செய்யதலி பாத்திமா மீட்டர் கோலை மட்டும்தான் நம்பினாள்.

அந்த வியாழக்கிழமை காலையில் ரவூப் அனுப்பிய இரண்டு பேர் வந்து, கம்ப்யூட்டர் வந்த பிறகு முதல் தடவையாகச் சரக்கு எண்ணினார்கள். பத்தரை மணிக்கு வெள்ளைத் துணிக் கட்டம் சிவப்பானது. இருக்க வேண்டியது அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். இருந்தது நானூற்று முப்பத்தொன்று. நூற்று எண்பத்தொரு மீட்டரைக் காணவில்லை. வெள்ளைத் துணி அலமாரிக்கு ஒரே சாவி, அது அய்யூப்பின் இடுப்பில். இருபத்திரண்டு வருஷமாக அங்கே துணி கிழிக்கிறவர் அவர். டிவியில் அந்தக் கவுன்டருக்கு நேரே அவர் பெயர்தான் மின்னிக்கொண்டிருந்தது.

"அய்யூப் மாமா, இது எப்படின்னு நீங்களே சொல்லிருங்க" என்றான் அனஸ். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான், அதையும் சொல்ல வேண்டும்.

அய்யூப் கத்தரியைப் பார்த்தார். "எனக்குச் சொல்லத் தெரியல தம்பி."

"பில் போடாம யாருக்கும் குடுத்தீயளா?"

அய்யூப் மேசையில் கிடந்த துணியை மடிக்க ஆரம்பித்தார்.

"மச்சான் நாலு மணிக்கு வாராரு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவோம்னு குதிக்காரு. அதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிருங்க மாமா."

செய்யதலி பாத்திமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நூற்று எண்பத்தொரு மீட்டரும் எங்கே போனது என்று அவளுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அவள் சொல்லித்தான் அய்யூப் கிழித்தார்.

அவள் கணவர் நடத்தி வந்த வழக்கம் அது. வாங்க வழியில்லாத வீட்டில் ஒரு மவுத்து விழுந்தால், இறந்தவர் உடலான மையத்தைப் பொதிகிற கஃபன் துணி இந்தக் கடையிலிருந்து போகும். பில் கிடையாது, பேச்சு கிடையாது. ஆணுக்கு மூன்று துண்டு, பத்து மீட்டர். பெண்ணுக்கு ஐந்து துண்டு, பதின்மூன்று மீட்டர். கொடுத்தது கொடுத்த கைக்கும் வாங்கிய கைக்கும் துணி கிழித்த கைக்கும் மட்டுந்தான் தெரிய வேண்டும். பெற்ற மகனிடமே சொல்லாதவர் அவர். அந்த வாக்கை மனைவியிடம் விட்டுவிட்டுப் போனார். பேரேட்டில் மட்டும் பெயரோடு எழுதியிருந்தது. சில வீட்டார் நாலைந்து வருஷம் கழித்துக் கை ஓங்கியதும் வந்து திருப்பிக் கொடுப்பார்கள். அன்றைக்கு அந்த வரியை அடித்துவிட வேண்டுமல்லவா?

முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்கட்டு குடோனுக்குப் போய் அய்யூப்பைக் கூப்பிட்டாள்.

"பேரேட்டக் காட்டிருதேன்" என்றாள்.

அய்யூப்பின் முகம் வெளுத்துப் போனது. "அம்மா, வேண்டாம். அதுல நூர்பானு இருக்கா."

அவர் மனைவி நூர்பானு இறந்து நாலு மாதம்தான் ஆகிறது. மதுரை ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் வழித்தெடுத்துக்கொண்டு மையத்தைத் திருப்பிக் கொடுத்தது. மனைவிக்குக் கஃபன் எடுப்பது புருஷன் கடமை. அய்யூப்பின் பையில் அன்றைக்கு ஆட்டோவுக்குக்கூடக் காசில்லை. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி அழுதார். ஏற்கனவே மூன்று மாதச் சம்பளம் முன்பணமாய்ப் போயிருந்தது. தன் பெண்டாட்டிக்குத் தானே அளந்து, தானே கிழித்து, தோளில் போட்டுக்கொண்டு போனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட மகள் இர்ஃபானாவிடமும் சம்பந்தி வீட்டாரிடமும், என் உழைப்பில் எடுத்ததுதான் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருக்கிறார். சம்பந்தியம்மாவோ எதையும் குத்திக்காட்டப் பிறந்தவள்.

"என்னக் களவாணின்னு சொன்னாச் சொல்லட்டும். கோர்ட்டுல போயி நிக்கேன். அந்தப் பக்கத்த மட்டும் திறக்காதீய" என்றார்.

"ஜெயிலுக்குப் போனா மட்டும் சம்பந்தியம்மா வாய மூடிக்கிருவாளா?"

அய்யூப் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குடோனில் காற்று இல்லை. துணிக்கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் கிழவி உட்கார்ந்தாள். பேரேட்டைக் காட்டாவிட்டால் அய்யூப் திருடன். காட்டினால் பதினாறு வீட்டின் இல்லாமை அம்பலம். ஒரு தாளைக் கிழித்துவிடலாமா? கிழித்தால் பதின்மூன்று மீட்டர் இடிக்கும், அந்தப் பதின்மூன்றுக்கும் அய்யூப்தான் திருடனாவார். வேறொரு வழி இருந்தது, அது அவளுக்குத் தெரியாமலும் இல்லை. நூர்பானு பெயரை அடித்துவிட்டு, 'எனக்கு நானே எடுத்து வைத்த கஃபன்' என்று எழுதிவிடலாம். அவள் வயதில் பாதிப்பேர் பெட்டிக்குள் அப்படி வைத்திருக்கிறார்கள். யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

பேனாவைத் திறந்தேவிட்டாள். ஆனால் கை இறங்கவில்லை. நாற்பது வருஷத்தில் அந்தப் பேரேட்டில் ஒரு பொய் வரி கிடையாது. ஒரு பொய் ஏறினால் மற்ற வரியெல்லாம் எதற்கு ஆகும்? அது இறைவன் மேல் வைத்த ஈமானா, வெறும் வீம்பா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பேனாவை மூடினாள்.

அனஸைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொல்லிப் பேரேட்டை நீட்டினாள். "படிச்சிட்டு மறந்துரணும். ரவூப்புகிட்ட ஒரு பேரு போகக்கூடாது. உங்க அத்தா மேல சத்தியம் பண்ணு."

"சத்தியமா நன்னி" என்றான் பாட்டியிடம்.

படித்தான். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து எழுதியிருந்ததைப் போன் கால்குலேட்டரில் கூட்டினான். ஆண்கள் ஏழு பேர், எழுபது. பெண்கள் எட்டு பேர், நூற்று நாலு. ஒரு சின்னப்பிள்ளை, மூன்றரை. மொத்தம் நூற்று எழுபத்தேழரை.

"இன்னும் மூணரை இடிக்கே நன்னி?"

"தான் பிரிச்ச பக்கத்தப் பாருலே. பதினாலு தானுல கால் கால் மீட்டர் கொறவு. மில்காரன் தராதத நீ மெசினுல ஏத்தி வச்சிருக்க."

பதினாலைக் காலால் பெருக்கிப் பார்த்தான். மூன்றரை. நூற்று எண்பத்தொன்று ஒரு அங்குலம் பிசகாமல் வந்து நின்றது. அனஸுக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே அய்யூப்பிடம் போய், "மாமா, தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க" என்றான். எந்தப் பெயரையும் எடுக்கவில்லை, எதையும் தெரிந்தவன் மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அய்யூப் அவனைத் தாண்டிக் கிழவியைப் பார்த்தார். திறந்துவிட்டீர்களா என்று கேட்ட பார்வை அது. அவள் தலை குனிந்தாள்.

நாலு மணிக்கு ரவூப் வருவதற்குள் அந்தச் சிவப்பு போக வேண்டும். வெறுமனே சரக்கைக் குறைத்தால் நட்டம் என்று ஒரு கட்டம் திறக்கும், அதற்கு ரவூப்பும் ஒப்புதல் அழுத்த வேண்டும், ஆயிரம் கேள்வி கேட்பார். அனஸ் வேறு வழி கண்டுபிடித்தான். பதினாறுக்கும் பதினாறு பில் போட்டு, நூறு சதவீதம் தள்ளுபடி கொடுத்துவிட்டால் துணி விற்பனையில் இறங்கிவிடும், பில் ஏற்ற மறந்துபோனதாகச் சொல்லிக்கொள்ளலாம். ரவூப் மொத்தத் தொகையைத்தான் பார்ப்பார், ஒவ்வொரு பில்லையும் திறந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பின்னால் யாராவது திருப்பிக் கொடுக்க வந்தால் யார் கணக்கு என்று தெரிய வேண்டுமே என்று, நன்னியைப் போலவே நாணயமாக, பழைய வாடிக்கையாளர் பட்டியலில் இருந்தவர்களின் பெயரைத் தேடி எடுத்துப் பில்லில் சேர்த்து, யாருடைய கஃபன் என்று குறிப்பும் எழுதினான். ஆறு பேர் இருந்தார்கள். மில்காரன் குறைத்த மூன்றரையைக் கொள்முதலில் திருத்தினான்.

மூன்றரை மணிக்குக் கட்டம் பச்சையானது.

"நன்னி, இங்க திரும்பிப் பாருங்க. உங்க புஸ்தகமும் என் மெசினும் ஒரே கணக்குச் சொல்லுது" என்று சிரித்தான். அவளும் பாதி திரும்பினாள். நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியதாகக்கூட நினைத்தாள்.

அய்யூப்பின் பட்டன் போன் அடித்தது.

அனஸ் அமைத்து வைத்திருந்தபடி, பில்லைச் சேமித்தவுடன் அது வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்புக்குத் தானாகப் போய்விடும். எட்டு மாதமாகப் போய்க்கொண்டுதான் இருந்தது, ஜனங்கள் பாராட்டவும் செய்தார்கள். அதனாலேயே அது இருப்பதையே அனஸ் மறந்துபோயிருந்தான். அய்யூப்பிடம் வாட்ஸ்அப் கிடையாது. பெருநாளைக்குத் துணி எடுத்தபோது பட்டியலில் அவர் மகள் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்.

இர்ஃபானா போனில் அழுதுகொண்டே படித்தது, பழைய ஸ்பீக்கர் வழியாகக் கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"அன்புள்ள அய்யூப். வெள்ளைத் துணி பதின்மூன்று மீட்டர். தள்ளுபடி நூறு சதவீதம். செலுத்த வேண்டிய தொகை பூஜ்யம். குறிப்பு, நூர்பானு கஃபன். நன்றி, மீண்டும் வருக." மூச்சு வாங்கினாள். "அத்தா, இது என்னத்தா? அம்மாவுக்கு நீங்க எடுக்கலையா?"

அனஸ் கம்ப்யூட்டருக்கு ஓடினான். போனதைத் திரும்ப இழுக்க அதில் ஒரு பட்டனும் இல்லை. இன்னும் ஐந்து வீட்டுக்கும் போயிருந்தது.

செய்யதலி பாத்திமாவின் நினைவில் குடோனில் மூடிய பேனா வந்து நின்றது. ஒரே ஒரு பொய் வரி. அதை எழுத வராத கையை மடியில் போட்டுக்கொண்டு, அவமானத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

அய்யூப் யாரையும் ஏசவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உங்க மாமியா பாத்துட்டாவளாம்மா?"