ராத்திரி கோத்த பக்கங்கள்

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமுமாக ஓடிக்கொண்டிருந்த எங்களுக்கு ஒருமுறை வாக்காளர் பட்டியல் அச்சடிக்கும் வேலை வந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் அச்சகத்தை மூடிவிட்டு ஊருக்கே போய்விட வேண்டியதுதான் என்று முதலாளி வெளிப்படையாகவே சொன்னார். அப்படி நடந்தால் ஈய எழுத்துக் கோக்கும் மூன்று பேரும் நானும் தெருவில்தான்.

திங்கட்கிழமை வழக்கம்போல ஆறு மணிக்கு வேலை முடிந்தது. செவ்வாய்க்கிழமை எட்டு வரை இழுத்தோம். பக்கங்கள் நன்றாகவே கூடின, அதை நான் மறுக்கமாட்டேன். அந்த ருசியில் முதலாளி புதன்கிழமை பதினொன்று வரை ஆட்களை நிறுத்திவைத்தார். எனக்குப் பென்னாகரம் கடைசி பஸ் இருந்ததால் நான் கிளம்பிவிடுவேன். ராத்திரி அவர்கள் கோத்ததெல்லாம் காலையில் என் மேஜையில் காத்திருக்கும்.

வியாழக்கிழமை காலை அந்தப் பக்கங்களைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. எட்டு மணிக்கு முன் கோத்தவற்றில் ஏதோ ஒன்றிரண்டு பிழை. அதற்குப் பிறகு கோத்தவற்றில் என் பேனா பட்ட இடமெல்லாம் சிவப்பு. அவற்றைத் திருத்தவே ஒரு ஆளின் முற்பகல் போய்விட்டது. முதலாளியோ கோத்த பக்கங்களை மட்டும் எண்ணிப் பூரித்துப்போயிருந்தார். அன்றைக்கு ராத்திரி ஒரு மணி வரை என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நிலைமை இன்னும் மோசம். ராத்திரிப் பக்கங்களை விடுங்கள், முந்தின நாள் பகலில், தெளிந்த கண்ணோடு கோத்த பக்கங்களிலேயே அறுபத்தொரு வயதுக்காரர் தொண்ணூற்றொன்று ஆகியிருந்தார். அவர் மனைவிக்கும் அதே கதி. எனக்கு விளங்கவில்லை. எழுத்துக் கோக்கும் மூவரில் மூத்த கம்பாசிட்டரைக் கூப்பிட்டேன். அவர் எழுத்துப் பெட்டிக்குப் போய், ஆறு இருக்க வேண்டிய அறையில் கைவிட்டுக் கிளறினார். பாதி ஒன்பது.

எங்களிடம் இருந்த எழுத்து கொஞ்சம்தான். அச்சானதும் அவற்றைப் பிரித்து அந்தந்த அறையில் திரும்பப் போட்டால்தான் மறுநாள் கோக்க முடியும். அந்தப் பிரிக்கிற வேலையைத்தான் தூக்கக் கண்ணோடு கடைசியில் செய்திருக்கிறார்கள். ஒன்பதைத் தலைகீழாகப் பிடித்தால் ஆறுதானே.

கம்பாசிட்டரையும் கூட்டிக்கொண்டு நேரே முதலாளியிடம் போனேன்.

"எத்தனை பக்கம் கோத்தோம்னு பாக்காதீங்க. எத்தனை தேறுச்சுன்னு பாருங்க. செவ்வாய்க்கெழமை ரெண்டு மணி நேரம் கூட ஒழைச்சோம், பக்கம் கூடுச்சு. புதங்கெழமை அதுக்கு மேல மூணு மணி நேரம், ஒண்ணும் பெருசா கூடலைங்க. நேத்து திங்கக்கெழமை தேறுன அளவுகூடத் தேறலை. ராத்திரி வேலை அடுத்த நாள் பகலையும் சேத்துத் திங்குது."

"இன்னும் ரெண்டு நாள்தாம்மா இருக்குது. இப்பப் போயி கொறைக்கச் சொல்றியா?" என்றார் முதலாளி.

"ஆறு மணிக்கே விடச் சொல்லலீங்க. எட்டு வரைக்கும் பலன் இருக்குது. அதுக்கு மேல இல்ல. இப்ப மொதல்ல பெட்டியச் சுத்தம் பண்ணணும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"மத்தியானம் ஆயிரும்," என்றார் கம்பாசிட்டர், தரையைப் பார்த்தபடி. தப்பு யார் கை செய்தது என்று கேட்பார்களோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. முதலாளி கேட்கவில்லை. "சரி, கொட்டுங்க," என்றார்.

அந்த முற்பகல் முழுக்க ஒரு பக்கம்கூட ஏறவில்லை. மூன்று பேரும் எழுத்துகளைக் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது தப்பானால் நாலு குடும்பத்துச் சோற்றில் மண்ணைப் போட்டவள் நான்தான். மத்தியானம் வந்த முதல் புரூஃபைப் படித்தேன். நம்பாமல் இன்னொரு தடவை படித்தேன். ஒரே ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். அப்போதுதான் மூச்சே வந்தது.

எட்டு மணிக்கு முதலாளியே விளக்கை அணைத்தார். சனிக்கிழமை நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவர்களின் கை தனி வேகத்தில் ஓடியது. நாலு மணிக்குக் கட்டுகளை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போன முதலாளி, இருட்டுவதற்குள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"வாங்கிக்கிட்டாங்க," என்றார். வாசலில் நின்று சட்டை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மூத்த கம்பாசிட்டர் பக்கம் திரும்பினார். "திங்கக்கெழமை மெதுவா ஒம்பது மணிக்கு வாங்க. கடை தொறந்திருக்கும்."